நேர்காணலுக்குப் பிறகு அனுப்பும் நிரல்

நேர்காணல் முடிந்த மாலையில் நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல், அதன் அடியில் கிட்ஹப் முகவரி. பலரும் இப்படித்தான் அனுப்புகிறார்கள். முப்பது ரெப்போ இருக்கும் பக்கத்தில் எதைத் திறப்பது என்று தேர்வாளருக்கு எப்படித் தெரியும்? ஒன்றே ஒன்றை அனுப்புங்கள். நேர்காணலில் பேச்சு நின்ற இடத்திலிருந்து அது தொடரட்டும்.

பேக்எண்ட் வேலைக்கான நேர்காணல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். "ஆர்டர் பட்டியலில் பிந்தைய பக்கங்களுக்குப் போகப்போக ஏன் தாமதமாகிறது?" என்று கேட்கிறார்கள். இண்டெக்ஸ் போடலாம் என்பதோடு விண்ணப்பதாரர் நின்றுவிடுகிறார். வீட்டுக்கு வந்து யோசிக்கும்போது காரணம் பிடிபடுகிறது. `OFFSET 100000` என்று கேட்டால், டேட்டாபேஸ் அந்த ஒரு லட்சம் வரிசைகளையும் கடந்து, அவற்றை ஒதுக்கிவிட்டுத்தான் அடுத்த 20-ஐத் தரும். இண்டெக்ஸ் இருந்தாலும் அந்தத் தூரத்தைக் கடந்தாக வேண்டும். கடைசியாகக் காட்டிய ஆர்டரின் எண்ணைச் சொல்லிக் கேட்டால், நேராக அங்கேயே போய்விடும்:

```sql
SELECT id, amount FROM orders
WHERE id < 904512
ORDER BY id DESC LIMIT 20;
```

அன்றிரவே சிறிய ரெப்போ ஒன்று தயாராகிறது. பத்து லட்சம் போலி ஆர்டர்களை உருவாக்கும் ஸ்கிரிப்ட், இரண்டு வினவல்கள், இரண்டுக்கும் `EXPLAIN ANALYZE` தந்த விடை, அரைப் பக்க `README`. இந்த முறையில் அடுத்த பக்கம், முந்தைய பக்கம் என்றுதான் நகரலாம். 847-ஆம் பக்கத்துக்கு நேராகத் தாவ முடியாது. அந்தக் குறையையும் `README`-யில் எழுதிவிட வேண்டும். அனுபவமுள்ள தேர்வாளர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான் என்பேன்.

மின்னஞ்சலுக்கு நான்கு வரி போதும்: எந்தக் கேள்வி, அன்று சொல்லாமல் விட்டது என்ன, இப்போது கண்டது என்ன, எந்தக் கோப்பை முதலில் திறப்பது. மறுநாளுக்குள் போய்விட வேண்டும். தேர்வாளர்கள் கருத்தைப் பதிவுசெய்த பிறகு வந்தால் பயன் குறைவு.

அனுப்புமுன் லாக்-இன் செய்யாத பிரவுசரில் இணைப்பைத் திறந்து பாருங்கள். ரெப்போ தனிப்பட்டதாக இருந்தால் மற்றவர்களுக்கு 404 என்றுதான் வரும். `.env` கோப்பை அழித்துவிட்டோம் என்று நிம்மதியாகவும் இருக்காதீர்கள். பழைய கமிட்டில் கடவுச்சொல் அப்படியே இருக்கும். பழைய நிறுவனத்தின் நிரலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அனுப்பாதீர்கள். அதைப் பார்ப்பவர், நாளை நம் நிரலும் இப்படித்தான் வெளியே போகும் என்று முடிவுகட்டுவார். கேள்வியை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தால், பொது ரெப்போ வேண்டாம். ஜிப் கோப்பாக அனுப்பலாம்.

அடுத்த சுற்றில் இதே நிரலைத் திறந்துவைத்து, "`created_at` வரிசையில் வேண்டுமென்றால்?" என்று கேட்கக்கூடும். இரண்டு ஆர்டர்கள் ஒரே நொடியில் பதிவாகியிருந்தால், பக்கம் மாறும்போது ஒன்று விடுபடலாம். எனவே `created_at`, `id` இரண்டையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். அதையும் ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.