ஆறு நாளில் முடியாத மொழிபெயர்ப்பு

மருத்துவமனைக் கருவி ஒன்றின் ஆங்கிலக் கையேடு, 12,000 சொற்கள். தமிழில் வேண்டும், எத்தனை நாளாகும் என்று வாடிக்கையாளர் கேட்கிறார். ஒரு நாளைக்கு 2,000 சொல் என்று வகுத்து, ஆறு நாள் என்று சொல்லிவிடுவோம். அந்த ஆறு நாளில் அடங்குவது மொழிபெயர்ப்பு மட்டும்தான். அவர் கையில் கொடுக்க வேண்டியவற்றை எழுதிப் பார்த்தால் கணக்கே வேறு: திருத்தி முடித்த வேர்டு கோப்பு, கலைச்சொல் பட்டியல், அச்சுக்கோத்த அறுபது பக்க பிடிஎஃப்பைச் சரிபார்த்தல், அவர் சொல்லும் திருத்தங்களை ஒரு சுற்று சேர்த்தல்.

மொழிபெயர்ப்பு வேகத்தைப் பழைய வேலையை வைத்து ஊகிக்காமல், இந்தக் கையேட்டின் நடுவிலிருந்து 300 சொல் எடுத்துக் கடிகாரம் வைத்துச் செய்து பார்க்க வேண்டும். முன்னுரை எப்போதும் எளிதாக ஓடும். அதை நம்பக் கூடாது. ஒன்றேகால் மணி நேரம் பிடித்தால் மணிக்கு 240 சொல், மொத்தம் 50 மணி. மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த, மணிக்கு 1,000 சொல் என்று 12 மணி. கலைச்சொற்களுக்கு 4, வாடிக்கையாளர் திருத்தங்களுக்கு 5.

பலர் விட்டுவிடுவது பிடிஎஃப் சரிபார்ப்பை. அச்சுக்கோக்கும் மென்பொருளில் தமிழுக்கான அமைப்பு சரியாக இல்லையென்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் வாக்கியம் அதிக இடம் பிடிப்பதால் அட்டவணைக் கட்டத்தில் கடைசி வரி மறைந்துபோகும். எச்சரிக்கை வாசகம் ஒன்று இப்படிக் காணாமல் போனால் அது சாதாரணப் பிழையல்ல. ஆகவே பக்கம் பக்கமாகக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும்: மணிக்கு 15 பக்கம் என்று 4 மணி.

ஆக 75 மணி. இதன் மேல் ஐந்தில் ஒரு பங்கு, 15 மணி, கைவசம் வைத்துக்கொண்டால் 90. ஒரு நாளில் முழுக் கவனத்தோடு ஐந்து மணி நேரம்தான் உட்கார முடியும் என்றால் 18 வேலை நாள். மூலம் ஸ்கேன் செய்த படமாக வந்தாலோ துறை புதிதென்றாலோ ஐந்தில் ஒன்று போதாது. மூன்றில் ஒன்று வைப்பேன். இந்த உபரி நம் கணிப்பு தவறுவதற்காக மட்டுமே. வாடிக்கையாளர் நடுவில் சேர்க்கும் புதுப் பக்கங்களுக்குத் தனி நேரம், தனிக் கட்டணம் என்று முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிட வேண்டும்.

கணக்கு தப்புகிறதா என்பது கால்பங்கு வேலையிலேயே தெரிந்துவிடும். 3,000 சொல்லுக்குப் பன்னிரண்டரை மணி ஆக வேண்டும். 16 மணி ஆகியிருந்தால், அதே வேகத்தில் மொழிபெயர்ப்பு மட்டும் 64 மணிக்குப் போகும். உபரி பதினைந்தில் பதினான்கு அங்கேயே தீர்ந்துவிடும். வாடிக்கையாளரிடம் தேதியைத் தள்ளிக் கேட்பதென்றால் அன்றைக்கே கேட்க வேண்டும். அச்சகத்துக்கு அவர் இன்னும் நாள் குறித்திருக்க மாட்டார்.