இருபதில் இரண்டு பார்த்தால் போதுமா?

கோவையில் பம்பு செய்யும் சிறு பட்டறை ஒன்றில் சில காலம் சரக்குச் சோதனையைக் கவனித்துக்கொண்டிருந்தேன். பவுண்டரியிலிருந்து வார்ப்பிரும்புக் கேசிங்குகள் வந்து இறங்கும். ஒரு லாட்டுக்கு இருபது. மேலே கிடக்கும் இரண்டை எடுப்போம். வாய்களை அடைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றுவோம். சில நிமிடங்கள் பார்த்தும் எங்கும் நீர் கசியவில்லை என்றால் லாட் பாஸ். நூற்றுக்குப் பத்து பார்த்தால் போதும் என்பது அங்கே யாரும் எழுதிவைக்காத விதி.

அப்படிப் பாஸான ஒரு லாட்டில் பம்பு பூட்டி முடித்த பிறகு இரண்டு கசிந்தன. மணல் அச்சில் ஈரம் இருந்தால், உருகிய இரும்பை ஊற்றும்போது ஆவி உள்ளேயே சிக்கிக் குமிழாகத் தங்கிவிடும். புளோ ஹோல் என்பார்கள். மேல்தோலுக்கு அடியில் இருப்பதால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. சோதித்தவரின் கவனக்குறைவு என்றுதான் முதலில் பேச்சு வந்தது. தாளை எடுத்துக் கணக்குப் போட்டபோதுதான், குறை ஆளிடம் இல்லை, விதியிலேயே இருக்கிறது என்று புரிந்தது.

கணக்கு எளியதுதான். இருபதில் இரண்டு கெட்டது, பதினெட்டு நல்லது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டை எடுக்கிறோம். கெட்டதில் ஒன்றாவது கையில் அகப்பட வாய்ப்பு எவ்வளவு? முதலில் எடுத்தது கெட்டதாக இருக்கலாம், இரண்டாவது இருக்கலாம், இரண்டுமே இருக்கலாம். இவற்றைத் தனித்தனியாகக் கூட்டுவதைவிட, எதுவுமே அகப்படாத வாய்ப்பைக் கண்டுபிடித்து ஒன்றிலிருந்து கழிப்பது சுலபம். முதலாவது நல்லதாக இருக்கும் வாய்ப்பு 18/20. அதை ஓரமாக வைத்துவிட்டோம். இப்போது குவியலில் பத்தொன்பதுதான், அதில் நல்லது பதினேழு. ஆகவே இரண்டாவதும் நல்லதாக இருக்கும் வாய்ப்பு 17/19. இரண்டையும் பெருக்கினால் 306/380, அதாவது சுமார் 0.805. ஒன்றிலிருந்து கழித்தால் 0.195.

இதே போன்ற நூறு லாட்டுகள் வந்தால், ஏறக்குறைய எண்பது லாட்டுகள் ஓட்டைக் கேசிங் இரண்டையும் சுமந்துகொண்டு நம் கண் முன்னாலேயே பாஸாகிப் போய்விடும்.

லாட் பெரிதாக இருந்தால்? இருநூறு கேசிங், அதில் இருபது கெட்டது, சோதிப்பது இருபது. கெட்டதும் நூற்றுக்குப் பத்து, பார்ப்பதும் நூற்றுக்குப் பத்து, எல்லா விகிதமும் அதேதான். ஆனால் ஒன்றாவது அகப்படும் வாய்ப்பு இப்போது சுமார் 89 விழுக்காடு. பிடித்துக் கொடுப்பது பெரும்பாலும் நாம் பார்க்கும் துண்டுகளின் எண்ணிக்கைதான். லாட்டில் அது எத்தனை விழுக்காடு என்பது அவ்வளவாகப் பேசாது. அதனால் நூற்றுக்குப் பத்து என்ற விதி பெரிய லாட்டைக் காக்கும், சின்ன லாட்டைக் கைவிட்டுவிடும். அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகங்களைச் சேர்ந்த ஹரால்டு டாட்ஜும் ஹாரி ரோமிக்கும் 1929ஆம் ஆண்டிலேயே மாதிரிச் சோதனைக்கு நிகழ்தகவின் அடிப்படையில் முறை வகுத்து வெளியிட்டார்கள். நம் நாட்டில் இதற்கென்றே IS 2500 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. இவ்வளவு இருந்தும் சிறு பட்டறைகளில் நூற்றுக்குப் பத்துதான் கோலோச்சுகிறது.

சரி, எத்தனை பார்க்க வேண்டும்? கணக்கைக் கெட்ட கேசிங்கின் பக்கத்திலிருந்து பார்த்தால் விடை சட்டென்று வரும். நாம் தப்பவிட வேண்டுமென்றால், சோதிக்காமல் விட்ட குவியலுக்குள் கெட்டது இரண்டும் ஒளிந்திருக்க வேண்டும். ஐந்தைப் பார்த்தால் பதினைந்து மிச்சம். முதல் கெட்டது அந்தப் பதினைந்துக்குள் இருக்கும் வாய்ப்பு 15/20, இரண்டாவதும் அங்கேயே இருக்கும் வாய்ப்பு 14/19. பெருக்கினால் சுமார் 0.55. ஆக, ஐந்து பார்த்தும் பாதிக்கு மேல் தப்பிவிடுகிறது. பத்து பார்த்தால் அகப்படும் வாய்ப்பு 76 விழுக்காடு. தொண்ணூறைத் தாண்ட வேண்டுமானால் பதினான்கு பார்க்க வேண்டும், அப்போது 92. பத்தொன்பது பார்த்தால் மிச்சம் ஒன்றுதான். இரண்டு கெட்டது அதற்குள் ஒளிய முடியாது. அகப்பட்டே தீரும்.

கணிதத்தில் இதற்கு ஹைப்பர்ஜியாமெட்ரிக் நிகழ்தகவு என்று பெயர். எடுத்ததைத் திரும்பப் போடாமல் எண்ணும் கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம். பலர் இந்த இடத்தில் ஒரு தவறு செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நல்லது வரும் வாய்ப்பு 0.9 என்று வைத்து, அதையே திரும்பத் திரும்பப் பெருக்கிவிடுவார்கள். அது எடுத்ததைச் சோதித்துவிட்டுக் குவியலிலேயே போடுபவருக்கு உரிய கணக்கு. அந்தக் கணக்கின்படி இருபது முறை எடுத்துப் பார்த்தாலும் இரண்டும் தப்ப 12 விழுக்காடு வாய்ப்பு மிஞ்சும். இருபதையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தவருக்கு அது பொருந்தாது. ஆயிரக்கணக்கில் குவிந்த சரக்கிலிருந்து சில துண்டுகளை மட்டும் எடுக்கும்போது இரண்டு கணக்குக்கும் வித்தியாசம் தெரியாது. சின்ன லாட்டில்தான் தெரியும்.

கையால் பெருக்க விரும்பாதவர்கள் எக்செல்லில் இந்த ஒரு வரியை இட்டால் போதும். இருபதில் இரண்டு கெட்டு, ஐந்தைப் பார்ப்பதற்கான கணக்கு இது:

```
=1-HYPGEOM.DIST(0,5,2,20,FALSE)
```

0.447 என்று வரும். 5 என்ற இடத்தில் நீங்கள் பார்க்கும் எண்ணிக்கையையும், 2 என்ற இடத்தில் பயப்படும் எண்ணிக்கையையும், 20 என்ற இடத்தில் லாட்டின் அளவையும் மாற்றிக்கொள்ளலாம்.

பயப்படும் எண்ணிக்கை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. லாட்டில் எத்தனை கெட்டது என்று முன்கூட்டித் தெரிந்தால் சோதனையே வேண்டாம். இத்தனை இருந்தால் தப்பவிடக் கூடாது என்று நாம்தான் ஒரு எண்ணை வைக்கிறோம். பத்தைப் பார்த்து ஒன்றும் அகப்படவில்லை என்றால் லாட் முழுவதும் நல்லது என்று ஆகிவிடாது. நான்கு கெட்டிருந்தால் இப்படி ஒன்றுகூட அகப்படாமல் போக 4 விழுக்காடுதான் வாய்ப்பு. அதனால் நான்கு இருக்காது என்று ஓரளவு நம்பலாம். ஒன்று மட்டும் கெட்டிருந்தால் அது தப்பியிருக்கச் சரிபாதி வாய்ப்பு. ஆகவே ஒன்று இருக்காது என்று சொல்லவே முடியாது.

இந்தக் கணக்கு முழுவதும் ஒரு நிபந்தனையில் நிற்கிறது: இருபதில் எந்தத் துண்டுக்கும் கையில் வரச் சம வாய்ப்பு இருக்க வேண்டும். நாங்களோ மேலே கிடந்ததையே எடுத்தோம். ஈரமான மணலில் ஒரே நேரத்தில் ஊற்றிய கேசிங்குகள் வண்டியிலும் பக்கத்தில் பக்கத்தில்தான் ஏறும். அடியில் சேர்ந்து கிடக்கும் கெட்டதை மேலிருந்து எடுப்பவர் ஒருநாளும் தொடப்போவதில்லை. சாக்பீஸால் ஒன்று முதல் இருபது வரை எண் போட்டு, சீட்டுக் குலுக்கி, வந்த எண்ணை எடுப்பதுதான் சரியான வழி. அடியில் கிடந்தால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். எளிதாக எட்டியதை எடுத்துவிட்டு இந்தச் சூத்திரத்தை நம்புவது வீண். அழுத்தமானி தவறாகக் காட்டினாலும் அப்படித்தான். கெட்டது கையில் வந்தும் நல்லது என்று போய்விடும், கணக்குக்கு அது தெரியாது.

சிறு பட்டறை நடத்துகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். லாட் இருபதுக்குள் இருந்து, சோதனையால் துண்டு கெடாது என்றால், மாதிரி எடுக்க வேண்டாம். பதினான்கு பார்க்கத் துணிந்தவருக்கு இன்னும் ஆறு பெரிய பாரமில்லை. இருபதையும் பார்த்துவிடுங்கள்.