டிராயரில் சிக்கிய கேபிள்கள்: எது இருக்கட்டும், எது போகட்டும்?

டிராயரில் கிடக்கும் கேபிள்களைப் பிரிக்கும்போது பலரும் முனையைப் பார்த்தே பிரிக்கிறார்கள். டைப் சி எல்லாம் ஒரு கட்டு, மைக்ரோ யுஎஸ்பி எல்லாம் இன்னொரு கட்டு. ஆனால் முனை ஒன்றுபோல இருந்தாலும் கேபிள் செய்யும் வேலை ஒன்றாக இருப்பதில்லை. சாதாரண யுஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பிகள் போகின்றன: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. விலை மலிவான சில கேபிள்களில் தகவல் கம்பிகளே இருக்காது. போன் சார்ஜ் ஆகும், ஆனால் போட்டோக்களைக் கணினிக்கு மாற்ற முடியாது. எனவே வண்ணம் முனையைக் குறிக்க வேண்டியதில்லை. அதைக் கண்ணே சொல்லிவிடும். கண்ணுக்குத் தெரியாத வேலையைத்தான் வண்ணம் சொல்ல வேண்டும்.

நான்கு வண்ணங்கள் போதும். சார்ஜும் தகவலும் இரண்டும் போகும் கேபிளுக்குப் பச்சை. சார்ஜ் மட்டும் ஆவதற்கு மஞ்சள். டிவியில் மாட்டும் எச்டிஎம்ஐ போன்றவற்றுக்கு நீலம். ஒரு குறிப்பிட்ட சாதனத்துக்கு மட்டுமே உரியதற்குச் சிவப்பு.

பச்சையா மஞ்சளா என்பதைச் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டு போனைக் கேபிளால் கணினியுடன் இணைத்து, போனின் பூட்டைத் திறந்து, மேலிருந்து அறிவிப்புப் பட்டியை இழுத்தால் File transfer என்ற தேர்வு கிடைக்கும். அதைத் தொட்டதும் கணினியில் போனின் கோப்புகள் தெரிந்தால் பச்சை. சார்ஜ் மட்டும் ஏறி, அந்தத் தேர்வே வராவிட்டால், வேலை செய்யும் என்று தெரிந்த இன்னொரு கேபிளை அதே போனில், அதே கணினியில் மாட்டிப் பார்க்க வேண்டும். அதிலும் வராவிட்டால் குறை கேபிளில் இல்லை.

சிவப்பு அட்டை முதலில் போக வேண்டியது அடாப்டர்களுக்கு. வட்டமான குழல் பின் உள்ள அடாப்டர்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஒன்று 9 வோல்ட், இன்னொன்று 12 வோல்ட், வேறொன்று 19 வோல்ட் தரும். தவறானதை மாட்டினால் ரவுட்டர் புகைந்து போகலாம். அடாப்டரின் முதுகில் அவுட்புட் என்ற வரியில் இருக்கும் எண்ணை அட்டையில் எழுதி, எந்தச் சாதனத்துக்கு என்றும் சேர்க்க வேண்டும்: “ரவுட்டர், 12 வோல்ட், 1 ஆம்பியர்”. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட நேர்ந்தால் வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். பின்னின் அளவும், பிளஸ் மைனஸ் குறியும் பொருந்த வேண்டும்.

லேப்டாப்புடன் வந்த டைப் சி கேபிளுக்கும் சிவப்புதான். 60 வாட்டுக்கு மேல் மின்சாரம் போக வேண்டுமானால் கேபிளின் முனைக்குள் ஒரு சிறு சிப் இருக்க வேண்டும். அது இல்லாத கேபிளைப் போட்டால் ஆபத்தில்லை, சார்ஜ்தான் மெதுவாக ஏறும்.

அட்டைக்கு எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் வண்ண இன்சுலேஷன் டேப்பே போதும். கேபிளைச் சுற்றி, மிச்ச நுனிகளை ஒட்டிச் சிறு கொடி போல விட்டால் அதில் எழுதலாம். முனையை ஒட்டிய கழுத்தில் சுற்றாமல் இரண்டு அங்குலம் தள்ளிச் சுற்றுவது நல்லது. கேபிள் வளைந்து முறிவது பெரும்பாலும் கழுத்தில்தான்.

கழிப்பதில் முதலில் பார்க்க வேண்டியது சேதம். உறை கிழிந்து கம்பி தெரிவது, பின் கருகியிருப்பது, சார்ஜ் ஆகும்போது முனை சுடுவது, அசைத்தால் சார்ஜ் விட்டுவிட்டு வருவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் கேபிள் வேண்டாம். மிஞ்சியதில் பயன்பாட்டில் இருப்பதும், வகைக்கு ஒரு உபரியும் போதும். பச்சைக் கேபிள் மஞ்சளின் வேலையையும் செய்யும், மஞ்சள் பச்சையின் வேலையைச் செய்யாது. ஆகவே இரண்டில் ஒன்றைக் கழிப்பதென்றால் மஞ்சள்தான் போக வேண்டும்.

ஒரு வீட்டில் மூன்று டைப் சி போன்கள், ஒரு லேப்டாப், மைக்ரோ யுஎஸ்பி ஸ்பீக்கர், ஒரு செட்டாப் பாக்ஸ் இருப்பதாகக் கொள்வோம். கேபிள்களோ பதினாறு. டைப் சி ஆறில் லேப்டாப்புக்கு ஒன்று, போன்களுக்கு மூன்று, உபரி ஒன்று. மஞ்சள் கொடி வாங்கிய ஆறாவது வெளியே. மைக்ரோ யுஎஸ்பி ஏழில் இரண்டு லூஸ் கான்டாக்ட். மீதி ஐந்தில் இரண்டு பச்சைகளை வைத்துக்கொண்டால் மூன்று வெளியே. எச்டிஎம்ஐ மூன்றில் ஒன்று வெளியே. நிற்பவை ஒன்பது, போவது ஏழு.

போவதில் நல்லவற்றை வேண்டியவருக்குக் கொடுக்கலாம். சேதமானதை வேறு யாரும் எடுத்து மாட்டாதபடி நடுவில் வெட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்க்க வேண்டும். தாமிரத்துக்காக எரிக்கக் கூடாது. பிவிசி உறை எரியும்போது நச்சுப் புகை வரும்.