36 கட்டத்தில் 8 பறவைகள்

சிறுவர் இதழ்களில் வரும் சொல் தேடல் புதிரைத் தீர்ப்பது எளிது. அமைப்பவருக்குத்தான் பாடு, அதிலும் சதுரம் சிறியதாக இருந்தால். மரங்கொத்தி, கொக்கு, வாத்து, பருந்து, மயில், குயில், கழுகு, காகம் என்று 8 பறவைகளை எடுத்துக்கொள்வோம். உயிர்மெய்க்கு ஒன்று, புள்ளி எழுத்துக்கு ஒன்று என்று கட்டம் கொடுத்தால் மொத்தம் 28 கட்டம் வேண்டும். ஆறுக்கு ஆறு சதுரத்தில் 36தான் உண்டு. சொற்களைத் தனித்தனியாக வைத்தால் மிஞ்சுவது எட்டே கட்டம். ஒளித்துவைக்க இடமே இராது.

ஆகவே சொற்கள் எழுத்தைப் பகிர வேண்டும். தமிழில் இது சற்றுக் கடினம். ‘க’வும் ‘கா’வும் வேறு எழுத்துகள், ஒரே கட்டத்தில் அமரா. இப்படி வைத்துப் பார்க்கலாம்:

ம கொ ழு வா ம் ப
ம ர ங் கொ த் தி
கு யி ல் க் கு து
ரு யி ல் கு த் ந்
கா ப ழு க ந் ரு
கா க ம் து வா ப

நீளமான மரங்கொத்தியை முதலில் இரண்டாம் வரிசையில் நேராகப் படுக்க வைத்தாயிற்று. அதன் ‘ம’விலிருந்து மயில் சாய்வாக இறங்குகிறது, ‘கொ’விலிருந்து கொக்கு செங்குத்தாக. ‘த்’தை வாத்து சாய்வாக வெட்டிப்போகிறது. மயிலின் ‘யி’யைக் குயில் வாங்கிக்கொள்கிறது. இப்படி ஏழு இடத்தில் பகிர்ந்ததால் 21 கட்டமே செலவு. மீதி 15 கட்டம் நிரப்பு எழுத்துகளுக்கு.

எந்த இரு சொல்லும் ஒரே ஓர் எழுத்தைத்தான் பகிர்கின்றன. ஒவ்வொரு சொல்லுக்கும் சொந்தமாக ஓர் எழுத்தாவது இருக்கிறது. நியாயம் என்பது இதுதான். சிட்டுக்குருவியைப் போட்டுவிட்டு அதற்குள்ளேயே குருவியையும் பட்டியலில் சேர்ப்பது, என்னைக் கேட்டால், ஏமாற்று வேலை. பகிர்வுக்கு இன்னொரு பக்கமும் உண்டு: ஒரு சொல் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டே அடுத்ததற்குப் போய்விடலாம். மரங்கொத்தியிலிருந்து கிளம்பும் மூன்றும் ஒரே திசையில் இறங்கியிருந்தால் புதிர் ஒரு நிமிடம்கூடத் தாங்காது.

நிரப்பும்போதுதான் பெரும்பாலும் சறுக்கும். தேடுபவர் அரிய எழுத்தைத்தான் முதலில் பார்ப்பார். ஒரே ஒரு ‘ழு’ இருந்தால் கழுகு உடனே அகப்படும். அதனால் முதல் வரிசையில் இன்னொரு ‘ழு’ சும்மா நிற்கிறது. நான்காம் வரிசையின் ‘யில்’ வேண்டுமென்றே வைத்த பொறி. ஆனால் அதன் முன்னால் ‘ரு’வுக்குப் பதில் ‘கு’ வந்தால் குயில் இரண்டாகிவிடும், ‘ம’ வந்தால் மயில் இரண்டு. அதற்குக் கீழே இருக்கும் ‘கா’வை மாற்றினாலும் இதே தொல்லைதான், ஏனென்றால் அங்கிருந்து சாய்வாக மேலே போனாலும் ‘யில்’ வருகிறது. ஆகவே நிரப்பி முடித்ததும் ஒவ்வொரு சொல்லையும் எட்டுத் திசையிலும் தேடி, ஒரே இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இந்தச் சதுரத்தில் கீழிருந்து மேலே போவது பருந்தும் கழுகும் மட்டுமே.