கல்லூரி வேலைவாய்ப்புக் கையேடு: 92 சதவீதம் எப்போது 68 சதவீதமாகிறது?

பொறியியல் கல்லூரிகளில் சேர்க்கை தொடங்கும் காலத்தில் பெற்றோர் கைக்கு முதலில் வந்து சேர்வது வேலைவாய்ப்புக் கையேடுதான். அதில் பெரிய எழுத்தில் 4 எண்கள் இருக்கும்: தேர்ச்சி விகிதம், வேலை பெற்றோர் விகிதம், உச்ச ஊதியம், வந்து சென்ற நிறுவனங்களின் எண்ணிக்கை. இவை பெரும்பாலும் அப்பட்டமான பொய்கள் அல்ல. எதை எதனால் வகுத்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கையேட்டைச் செம்மை செய்பவரின் முதல் வேலை, ஒவ்வொரு சதவீதத்துக்கும் கீழே இருக்கும் எண்ணைத் தேடி எடுப்பது.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். அதன் கையேடு இப்படிச் சொல்கிறது: "தேர்ச்சி 96%. வேலைவாய்ப்பு 92%. உச்ச ஊதியம் ஆண்டுக்கு ரூ.32 லட்சம். 120-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள்."

அந்த ஆண்டில் படிப்பை முடித்திருக்க வேண்டிய வகுப்பில் சேர்ந்தவர்கள் 330 பேர். முதலாண்டில் 300 பேரும், டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாமாண்டில் 30 பேரும் சேர்ந்தனர். இறுதிப் பருவத் தேர்வை எழுதியவர்கள் 270 பேர். அந்தத் தாள்களில் தேறியவர்கள் 259 பேர். 96% வந்த வழி இதுதான். ஆனால், முந்தைய பருவங்களின் அரியர் ஏதுமின்றி, உரிய 4 ஆண்டுகளுக்குள் பட்டம் பெற்றவர்கள் 211 பேர் மட்டுமே. சேர்ந்தவர்களைக் கொண்டு கணக்கிட்டால் இது 64%. இடையில் விலகியோரும் அரியர் வைத்திருப்போரும் முதல் கணக்கில் காணாமல் போய்விட்டார்கள்.

இரு எண்களும் உண்மையே என்றாலும் "தேர்ச்சி" என்ற சொல்லைப் படிக்கும் பெற்றோர் மனதில் கொள்வது இரண்டாவதைத்தான். ஆகவே கையேட்டில் அதுவே முன்னால் வர வேண்டும். இறுதிப் பருவத் தேர்ச்சியையும் கொடுக்க விரும்பினால், அதற்குரிய பெயரோடு கொடுக்கலாம்.

அடுத்தது 92%. பட்டம் பெற்ற 211 பேரில் 22 பேர் மேற்படிப்புக்குச் சென்றனர். 9 பேர் வளாகத் தேர்வில் பதிவு செய்யவில்லை. எஞ்சிய 180 பேர் பதிவு செய்தனர். நிறுவனங்கள் வழங்கிய பணி ஆணைகள் 166. இதை 180-ஆல் வகுத்தால் 92% வருகிறது. ஆனால், ஆணைகளின் எண்ணிக்கையும் ஆட்களின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. சிலர் 2, சிலர் 3 ஆணைகள் வைத்திருந்தனர். பெயர்ப் பட்டியலில் திரும்ப வரும் பதிவெண்களை நீக்கினால் எஞ்சுவோர் 122 பேர். அப்படியானால் பதிவு செய்தோரில் 68% பேருக்கும், பட்டம் பெற்றோரில் 58% பேருக்கும் வேலை கிடைத்துள்ளது. வகுப்பில் சேர்ந்த 330 பேரைக் கொண்டு பார்த்தால் 37%.

மேற்படிப்புக்குச் சென்றவர்களை வேலை கிடைக்காதவர்களாகக் காட்டுவதும் நியாயமன்று. எனவே 68% என்பதைத் தரலாம். ஆனால் "பதிவு செய்த 180 பேரில் 122 பேர்" என்ற சொற்கள் அதே வரியில், அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சிலின் கல்வி நிறுவனங்களுக்கான வழிகாட்டுதலும் இதையே கேட்கிறது. வேலை பெற்றோர் எண்ணிக்கையைச் சொன்னால், அந்த வகுப்பில் தேறி வெளியேறியோரின் மொத்த எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும் என்கிறது அது.

மொழிபெயர்ப்பாளர்கள் கவனிக்க வேண்டிய இடமும் இங்கே உண்டு. ஆங்கிலக் கையேட்டில் "தகுதியுள்ள மாணவர்களில்" என்று சிறிய எழுத்தில் இருக்கும் தொடர், தமிழ்ப் பதிப்பில் இடம் போதவில்லை என்று முதலில் வெட்டப்படும். அந்த ஒரு தொடர் போனால் எண்ணின் பொருளே மாறிவிடுகிறது.

ஊதியக் கணக்கு இன்னும் நுட்பமானது. வேலை பெற்ற 122 பேரில் 80 பேருக்கு ஆண்டுக்கு ரூ.3.6 லட்சம், 30 பேருக்கு ரூ.5 லட்சம், 10 பேருக்கு ரூ.9 லட்சம், 2 பேருக்கு ரூ.32 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி ரூ.4.85 லட்சம். அந்த 2 பேரை மட்டும் நீக்கினால் சராசரி ரூ.4.4 லட்சமாக இறங்கிவிடும். ஊதியங்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பவரைப் பார்த்தால், அவர் பெறுவது ரூ.3.6 லட்சம். இடைநிலை ஊதியம் எனப்படும் இந்த எண்ணே பெரும்பான்மை மாணவரின் நிலையைக் காட்டுகிறது. மத்திய கல்வி அமைச்சகத்தின் தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பும் கல்லூரிகளிடம் இதைத்தான் கேட்டுப் பெறுகிறது.

ரூ.32 லட்சத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நிலையான ஆண்டு ஊதியம் ரூ.15 லட்சம், பணியில் சேரும்போது ஒரு முறை மட்டும் தரும் தொகை ரூ.2 லட்சம், இடமாற்றச் செலவு ரூ.1 லட்சம், 4 ஆண்டுகளில் பகுதி பகுதியாகக் கைக்கு வரும் பங்குகள் ரூ.12 லட்சம், செயல்திறன் ஊக்கத்தொகை, காப்பீடு, பணிக்கொடை எல்லாம் சேர்த்து ரூ.2 லட்சம். நிறுவனம் சொல்லும் மொத்தச் செலவு இது. அதைத் தமிழில் "சம்பளம்" என்று எழுதி 12-ஆல் வகுத்து மாத வருமானமாக அச்சிடுவதை அடிக்கடி காண முடிகிறது, அது தவறு. ஆமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம் முன்னெடுத்த வேலைவாய்ப்பு அறிக்கைத் தரநிலைகள், நிலையான ஊதியத்தையும் ஒரு முறை தரும் தொகையையும் தனித்தனியே காட்டச் சொல்கின்றன. பொறியியல் கல்லூரிக் கையேடும் அதே முறையைப் பின்பற்றத் தடையேதுமில்லை.

நிறுவனங்களின் பட்டியலுக்கு வேண்டியது ஒரே கேள்வி: எந்த ஆண்டு? நமது கல்லூரியின் 120 சின்னங்கள் 6 ஆண்டுகளில் சேர்ந்தவை. கடந்த ஆண்டு வந்தவை 41. அவற்றில் பணி ஆணை வழங்கியவை 19. வேறொரு கல்லூரியில் நடந்த கூட்டுத் தேர்வுக்கு மாணவர்களை அனுப்பியதும் "வந்த நிறுவனம்" என்றே எழுதப்பட்டிருந்தது. ஆணை பெற்றதும் பணியில் சேர்ந்ததும்கூட வேறுவேறு. 2022, 2023-ம் ஆண்டுகளில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் தேர்வான பலர், சேரும் தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தனர்.

இத்தனை திருத்தங்களுக்குப் பின் அந்தக் கையேட்டின் வாசகம் இவ்வாறு அமையும்: "இவ்வகுப்பில் சேர்ந்த 330 பேரில் 211 பேர் 4 ஆண்டுகளில் பட்டம் பெற்றனர். அவர்களில் 22 பேர் மேற்படிப்பில் உள்ளனர். வளாகத் தேர்வுக்குப் பதிவு செய்த 180 பேரில் 122 பேருக்கு 19 நிறுவனங்கள் பணி ஆணை வழங்கின. இடைநிலை ஊதியம் ஆண்டுக்கு ரூ.3.6 லட்சம். 2 மாணவர்களுக்கு நிலையான ஊதியம் ரூ.15 லட்சம்; பங்குகளும் பிற தொகைகளும் தனி."

பக்கத்துக் கல்லூரி 92% என்று அச்சிடும்போது நாம் மட்டும் 68% என்பதா என நிர்வாகம் கேட்கும். புறக்கணிக்க முடியாத கேள்விதான். ஆனால், தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள் தாங்கள் சமர்ப்பித்த தரவைத் தங்கள் இணையதளத்திலேயே வெளியிட வேண்டும். சேர்ந்தோர், உரிய காலத்தில் பட்டம் பெற்றோர், வேலை பெற்றோர், இடைநிலை ஊதியம், மேற்படிப்புக்குச் சென்றோர் என எல்லாம் ஆண்டுவாரியாக அந்த அட்டவணையில் இருக்கும். கையேட்டையும் அதையும் அருகருகே வைத்துப் பார்க்க ஒரு பெற்றோருக்கு 10 நிமிடம் போதும்.