மருத்துவரின் அறைக்கு வெளியே

வேலூர் நகரின் காந்தி சாலையையும் அதனை ஒட்டிய சிறு தெருக்களையும் முதன்முறையாகக் காண்போர் வியப்படைவர். கடைப் பலகைகளில் தமிழோடு வங்காள எழுத்தும் இந்தி எழுத்தும் காணப்படும். உணவகங்களிலிருந்து கடுகெண்ணெயில் பொரியும் மீனின் மணம் வரும். இவற்றுக்குக் காரணம் அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய சிறு மருத்துவ நிலையமே இவ்வாறு வளர்ந்தது. இன்று மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் ஆகியவற்றின் சிற்றூர்களிலிருந்தும் நோயாளிகள் இதனை நாடி வருகின்றனர். அவர்களுக்கு அறையும் உணவும் மொழியுதவியும் வழிகாட்டுதலும் தருவதே அத்தெருக்களில் வாழும் பலருக்குத் தொழிலாகிவிட்டது.

இச்சேவைகள் மருத்துவத்திற்குப் புறம்பானவை என்று தோன்றலாம். உண்மை அவ்வாறன்று. புருலியா மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓர் உழவர், மனைவியோடும் பதின்மூன்று வயது மகனோடும் வருவதாகக் கொள்க. அவருக்கு நெடுநாளாக வயிற்று வலியும் இரத்தச்சோகையும் உள்ளன. இரண்டாண்டுகளுக்கு முன் இதயத்தில் அடைப்பு நீக்கப்பட்டதால், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையையும் உட்கொண்டு வருகிறார். திங்கட்கிழமை காலையில் அக்குடும்பம் காட்பாடி நிலையத்தில் இறங்குகிறது.

விடுதிப் பணியாளர் அவரைத் ‘தாதா’ என்று வரவேற்கிறார். வங்காளத்தில் அச்சொல் அண்ணனைக் குறிக்கும். தமிழ்த் திரைப்படங்களில் அது குறிக்கும் ஆளை அல்ல! முதலில் தொலைவில் மலிவான அறை ஒன்று காட்டப்படுகிறது. அங்குக் கழிப்பறை பொதுவாக உள்ளது. மருத்துவமனைக்கு அருகிலுள்ள மற்றோர் அறைக்கு வாடகை சற்று மிகுதி. ஆனால், கழிப்பறை அறைக்குள்ளேயே உள்ளது. அடுப்பும் பாத்திரங்களும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. நோய் இன்னதென்று அறியுமுன், பணியாளர் ஒன்றை மட்டும் கேட்கிறார்: “வயிற்று நோயா, தாதா? அப்படியானால் இந்த அறையையே எடுத்துக்கொள்ளுங்கள்.” அவ்வறிவுரையின் பொருள் பின்னரே விளங்கும்.

செவ்வாய்க்கிழமை மருத்துவரைக் காண்பதற்கு ஊரிலிருந்தே இணையத்தில் முன்பதிவு செய்திருந்தனர். அச்சீட்டில் நாளையும் நேரத்தையும் மட்டும் பார்த்தால் போதாது. வளாகத்தின் பெயரையும் பார்த்தல் வேண்டும். நகரின் நடுவிலுள்ள பழைய வளாகம் வேறு. இராணிப்பேட்டைக்கு அருகில் 2022ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வளாகம் வேறு. தவறான வளாகத்திற்குச் சென்றவர் பேருந்து ஏறி மற்றதை அடைவதற்குள் அழைப்பு நேரம் கடந்துவிடும்.

பெரிய மருத்துவமனைகளின் வாயில்களில், “இன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வைக்கிறேன்” என்று கூறிப் பணம் கேட்போரும் உண்டு. நல்ல வழிகாட்டி பதிவு முகப்புக்கு அழைத்துச் செல்வார். பணத்தை அம்முகப்பிலேயே செலுத்தச் செய்வார். தரகரோ பணத்தைத் தம் கையில் பெறுவார். பற்றுச்சீட்டுத் தர மாட்டார். நோயாளியின் மருத்துவமனை எண் இல்லாத தாள் எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும் அது அனுமதிச் சீட்டாகாது.

உழவரைப் பார்த்த மருத்துவர் பெருங்குடலைக் குழாய்க் கருவியால் உள்நோக்கும் ஆய்வு தேவை என்று கூறுகிறார். அடுத்த திங்கட்கிழமை நாள் குறிக்கப்படுகிறது. இதய மருத்துவரிடமும் கருத்துக் கேட்ட பின், மாத்திரையை ஆய்வுக்கு முன் ஐந்து முழு நாள்கள் நிறுத்துமாறு சொல்லப்படுகிறது. நிறுத்தாவிட்டால், குடலிலிருந்து ஏதேனும் வெட்டியெடுக்கும்போது குருதிப்போக்கு ஏற்படக்கூடும். மருத்துவர் சொல்லாமல் தாமாகவே நிறுத்தினாலோ இதயத்தில் மீண்டும் அடைப்பு நேரக்கூடும். எனவே, அம்மாத்திரையைப் பற்றிய ஒவ்வொரு சொல்லும் பிழையின்றி மொழிபெயர்க்கப்படல் வேண்டும்.

வியாழக்கிழமையன்று செவிலியர், மாத்திரையை நிறுத்தியாயிற்றா என்று வினவுகிறார். உழவர், “கால் தேக்கே பொந்தோ” என்கிறார். இந்தியில் ‘கல்’ என்னும் சொல் நேற்று, நாளை ஆகிய இரண்டையும் குறிப்பது போலவே, வங்காளத்தில் ‘கால்’ என்பதும் இரண்டையும் குறிக்கும். நேற்று முதல் நிறுத்தம் என்றால் புதன் தொடங்கி ஞாயிறு வரை ஐந்து நாள்கள் ஆகும். நாளை முதல் நிறுத்தம் என்றால் மூன்று நாள்களே கிடைக்கும். ஆய்வைத் தள்ளிவைக்க நேரிடும். தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் இவ்விடத்தில் தாமாக ஒரு பொருளைத் தெரிந்தெடுக்க மாட்டார். “கடைசி மாத்திரையை எந்தக் கிழமை உண்டீர்கள்?” என்று திரும்பக் கேட்பார். செவ்வாய் இரவு என்று விடை வருகிறது. ஐயம் தீர்கிறது.

அக்குடும்பத்தின் மகனுக்குப் பள்ளியில் கற்ற இந்தி நன்றாகத் தெரியும். ஆயினும், அவனை மொழிபெயர்க்கச் செய்யாமல் இருந்தது நன்று. மலத்தில் குருதி கலந்து வருவதை உழவர் மகன் முன் சொல்ல நாணினார். அவன் வெளியே அனுப்பப்பட்ட பிறகே அச்செய்தி வெளிவந்தது. பிள்ளைகள் தந்தைக்கு அச்சம் தரும் சொற்களை மென்மையாக்கியும் கூறிவிடுவர். அதனை அன்பால் செய்தாலும், மருத்துவர் சொன்னது அவ்வாறு நோயாளியைச் சென்றடைவதில்லை. வழி கேட்பதற்கும் மருந்துக் கடையில் விலை விசாரிப்பதற்கும் மகனின் மொழியறிவு பயன்பட்டது.

அடுத்த இடர் சமையலில் தோன்றுகிறது. புருலியாப் பகுதி மக்களுக்குக் கசகசா மிகவும் விருப்பமானது. அதனை அரைத்து உருளைக்கிழங்கோடு சமைப்பர். உழவரின் மனைவியும் ஒரு சிறு பை கசகசா கொண்டுவந்திருந்தார். ஆனால், ஆய்வுக்கு முந்தைய சில நாள்களில் கசகசா போன்ற விதைகளையும் கீரையையும் உண்ணுதல் ஆகாது. அவை குடலில் தங்கிக் கருவியின் பார்வையை மறைக்கும். “காரம் வேண்டாம்” என்று மட்டும் மொழிபெயர்த்திருந்தால், காரமில்லாத கசகசாக் கூட்டு நோயாளியின் தட்டில் இடம்பெற்றிருக்கும். தாளில் எழுதித் தரப்பட்டதை விடுதிப் பணியாளர் வரி வரியாக வங்காளத்தில் படித்துக் காட்டினார். பை மூடிவைக்கப்பட்டது.

ஆய்வுக்கு முந்தைய நாள் தெளிந்த நீருணவு மட்டுமே. இளநீர், வடிகட்டிய கஞ்சித் தெளிவு போன்றவை அருந்தலாம். சிவப்பு நிறப் பானம் கூடாது. உள்ளே பார்க்கும்போது அது குருதிபோல் தோன்றி மருத்துவரைக் குழப்பும். மாலையில் மருந்துத்தூளைத் தண்ணீரில் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருக வேண்டும். அதன்பின் இரவெல்லாம் பலமுறை கழிப்பறைக்குச் செல்ல நேரிடும். குருதி குறைந்து தளர்ந்த உடலோடு பொதுக் கழிப்பறையின் வாயிலில் காத்து நிற்பது அரிது. அதற்கு அஞ்சி மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுவோரும் உண்டு. வெளியேறும் நீர் தெளிவாக இல்லாமல் கலங்கலாகவே இருந்தால், குடல் தூய்மையாகவில்லை என்று அறிந்து ஆய்வுக்கு முன்பே செவிலியரிடம் கூறிவிட வேண்டும். அவ்வாறான நிலையில் ஆய்வு வேறொரு நாளுக்கு மாற்றப்படலாம். விடுதி வாடகையும் உணவுச் செலவும் அதற்கேற்ப நீளும்.

திங்கட்கிழமை ஆய்வு நடந்தது. குடலில் வளர்ந்திருந்த சிறு கட்டி ஒன்று அகற்றப்பட்டுத் திசு ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. முடிவு வரச் சில நாள்கள் ஆகும். இங்குதான் குடும்பத்தின் கணக்குத் தவறியது. இரயிலில் அறுபது நாள்களுக்கு முன்பே இடம் பதிவு செய்யலாம் என்பதால், புறப்படும்போதே திரும்பிச் செல்லவும் சீட்டு எடுத்திருந்தனர். அது மறுநாள் செவ்வாய்க்கிழமைக்கு உரியது. முடிவைப் பெறாமல் சென்றால் மீண்டும் இவ்வளவு தொலைவு வர வேண்டும்; தங்கினால் சீட்டுப் பணத்தில் ஒரு பகுதி போகும்.

உழவர் தங்குவதற்கே இசைந்தார். அடுப்பு வாடகை மேலும் ஒரு வாரத்திற்குச் செலுத்தப்பட்டது. மாத்திரையை எந்நாளில் மீண்டும் தொடங்க வேண்டும் என்பதனை மருத்துவரிடம் கேட்டறிந்து, பணியாளர் சீட்டின் பின்புறத்தில் வங்காள எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அதில் ‘கால்’ என்னும் சொல் இல்லை. கிழமையும் தேதியும் இருந்தன.