அம்மம்மாவின் துணி, பேத்தியின் பேட்

முன்பே சொல்லப்படாத செய்தி

பேசாலையில் 1975இல் பெரியபிள்ளையான ஓர் அம்மம்மாவும் 2025இல் பெரியபிள்ளையான அவருடைய பேத்தியும் தங்கள் முதல் மாதவிடாயைப் பற்றிப் பேசிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். அவரிடம் இருந்தது பழைய பருத்திச் சேலைத் துண்டு. இவளிடம் இருப்பது கடையில் வாங்கிய பேட். மாற்றம் இதுதான் என்று நிறைவடைந்துவிடுகிறோம். ஆனால் முக்கியமான ஒன்று பல வீடுகளில் மாறவேயில்லை. வாட்டர்எய்டும் யுனிசெஃபும் தெற்காசியப் பள்ளிகள் பற்றி 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இலங்கை மாணவிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பூப்படையும்வரை யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சின்னப் பிள்ளையிடம் இதைப் பேசலாமா என்று தாய்மார் தயங்குவது புரிகிறது. ஆனால் உடல் காத்திருப்பதில்லை. மார்பு அரும்பத் தொடங்கி ஏறத்தாழ இரண்டு, இரண்டரை ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வரும். அதற்குச் சில மாதங்கள் முன்பே வெள்ளைபடும். பேசவேண்டிய காலம் அந்த இடைவெளிதான்.

துணியில் குற்றமில்லை

அம்மம்மாவின் துணியை அழுக்கு என்று ஒதுக்குவது நியாயமில்லை. சவர்க்காரமிட்டு நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் முறுகக் காயவைத்த பருத்தித் துணி பாதுகாப்பானதே. கொடியில் பாவாடைக்கு அடியில் மறைத்துப் போட்டதால் அது ஈரம் காயாமல் திரும்பவும் உடலுக்கு வந்தது. தோல் அரிப்பும் புண்ணும் அப்படித்தான் வந்தன. துடக்கு என்ற வெட்கம் செய்த கேடு அது. பெரியபிள்ளையானவளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஓய்வும் உழுத்தங்களியும் நல்லவை, தொடரட்டும். பச்சை முட்டையை மட்டும் அவித்துக் கொடுங்கள்: பச்சையில் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம், அதன் புரதமும் முழுதாகச் சேராது.

எண்ணிப் பார்க்க வேண்டியவை

பேத்திக்கு முதல் மாதவிடாய்க்குப் பின் 38ஆம் நாளிலும், அடுத்தது 44 நாள் கழித்தும் வருகிறது என்று கொள்வோம். வீட்டில் கலங்குவார்கள், கலங்க வேண்டியதில்லை. முதல் சில ஆண்டுகளில் முட்டை ஒழுங்காக வெளிப்படாததால் 21 முதல் 45 நாள் வரையிலான இடைவெளி இயல்பே. மூன்று மாதம் வராமலே இருந்தால் வைத்தியரிடம் காட்டவேண்டும். ஏழு நாளைத் தாண்டி இரத்தம் போனாலோ, ஒன்றிரண்டு மணிக்கொருமுறை பேட் நனைந்து மாற்றவேண்டி வந்தாலோ காத்திருக்கக் கூடாது. “எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அப்படித்தான்” என்பார்கள். அந்தச் சொல்லே கவனிக்க வேண்டிய தடயம். இரத்தம் உறைவதில் உள்ள சில குறைபாடுகள் பரம்பரையாக வருபவை. ஆகவே மன்னார் வைத்தியசாலைக்குப் போகும்போது அம்மம்மாவையும் கேட்டுக்கொண்டு போங்கள்: பல் பிடுங்கியபோது, பிள்ளை பெற்றபோது அவருக்கு இரத்தம் நிற்காமல் போனதா? ஹீமோகுளோபினைப் பரிசோதிக்கும் வைத்தியருக்கு அந்தப் பதிலும் தேவைப்படும்.